அட்லஸ் போட்டும் டிரா கால் குறையவில்லையா? நெடுநாள் பயன்படுத்தியதில் கண்டது

யூனிட்டியில் ஒரு 2டி மொபைல் கேம், பழைய பில்ட்-இன் பைப்லைன். அதில் ஒரு சந்தைக் காட்சி வரும், திரையில் ஒரே நேரத்தில் 60 பேர் நடப்பார்கள். ஒவ்வொருவருக்கும் காலடியில் நிழல், உடல், தலைக்கு மேலே பெயர். ஸ்பிரைட் அட்லஸும் பேட்சிங்கும் இந்தக் காட்சியில் வெகுநாளாக ஓடுகின்றன, அதனால் எது நிலைத்தது, எது பிறகு கெட்டது என்று இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. அட்லஸ் போட்டால் டிரா கால் தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரைட்டுகள் டிரான்ஸ்பரன்ட் என்பதால் பின்னால் இருப்பதிலிருந்து முன்னால் இருப்பது வரை வரிசையாகத்தான் வரைய முடியும், அந்த வரிசையில் அடுத்தடுத்து வருபவை ஒரே மெட்டீரியலும் ஒரே டெக்ஸ்சரும் வைத்திருந்தால்தான் ஒரு பேட்ச்சாகச் சேரும். எங்கள் வரிசை நிழல், உடல், பெயர், மறுபடி நிழல், உடல், பெயர் என்று போனது. 60 பேருக்கு 180 டிரா கால். உடல்களையெல்லாம் ஒரே அட்லஸில் போட்ட பிறகும் அதே 180தான், ஏனென்றால் இரண்டு உடல்களுக்கு நடுவே எப்போதும் ஒரு பெயரும் ஒரு நிழலும் புகுந்துகொண்டிருந்தன.

இதைத் தீர்த்தது சார்ட்டிங் லேயர். நிழல் தரையில் கிடப்பது, எந்த உடலுக்கும் மேலே வர வேண்டியதில்லை, எனவே எல்லா நிழலும் கீழே ஒரு லேயர். பெயர்கள் எல்லாம் மேலே ஒரு லேயர். நடுவில் உடல்கள் மட்டும், Y அச்சின்படி அடுக்கப்பட்டு. கூட்டத்துக்கு மட்டும் 180 ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் பின்னால் நிற்பவரின் பெயர் முன்னால் நிற்பவரின் உடலால் மறையாமல் அதன் மீதே தெரியும், அது எங்கள் கேமுக்குப் பரவாயில்லை, உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் டெக்ஸ்ட்மெஷ் புரோ. அவை மெஷ் என்பதால் பிளேயர் செட்டிங்ஸில் டைனமிக் பேட்சிங் ஆன் ஆகியிருக்க வேண்டும், அதற்கு ஒரு மெஷ்ஷுக்கு 900 வெர்டெக்ஸ் ஆட்ரிபியூட் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு எழுத்துக்கு 4 வெர்டெக்ஸ், ஆகவே சின்னப் பெயர்களுக்குத் தொல்லை இல்லை. எதிரியின் பெயரைச் சிவப்பாக்கத் தனி மெட்டீரியல் பிரீசெட் போட்டால் மட்டும் பேட்ச் உடையும். வெர்டெக்ஸ் கலரில் மாற்றினால் உடையாது.

அடி வாங்கும்போது உடல் சிவப்பாக மின்னும் எஃபெக்ட்டிலும் இதே கதைதான்:

```csharp
sr.material.SetColor("_Color", Color.red); // மெட்டீரியல் நகல் உருவாகும்
sr.color = Color.red;                      // பேட்ச் உடையாது
```

முதல் வரி அந்த ஸ்பிரைட்டுக்கென்றே ஒரு மெட்டீரியல் நகலை உருவாக்கிவிடும், மின்னல் முடிந்து நிறம் பழையபடி ஆனாலும் நகல் அப்படியே இருக்கும். எனவே கேமைத் திறந்ததும் எண்ணிக்கை நன்றாக இருந்து, சண்டை போடப் போட மெல்ல ஏறினால் முதலில் இதைத்தான் தேடணும்.

நாள்பட்ட பிறகு வந்த சிக்கல் வேறு. பண்டிகை உடைகள் சேரச் சேர 2048 அட்லஸ் நிரம்பி, மிச்சம் இரண்டாவது பக்கத்துக்குப் போனது. கூட்டத்தில் பழைய உடையும் புது உடையும் கலந்து நிற்பதால் டெக்ஸ்சர் மாறி மாறி வந்தது, எண்ணிக்கை மறுபடி எகிறியது. கோடில் யாரும் எதையும் தொடவில்லை! ஃபிரேம் டீபக்கரைத் திறந்து ஒவ்வொரு டிரா காலாகக் கீழே போனால், முந்தையதோடு ஏன் சேரவில்லை என்ற காரணத்தை அதுவே காட்டும், அட்லஸின் பிரிவியூவில் எத்தனை பக்கம் என்றும் தெரியும். நாங்கள் 4096க்குப் போனோம். ASTC 6x6இல் 2048 பக்கம் 2 எம்பிக்கும் குறைவு, 4096 ஏறத்தாழ 7 எம்பி. அதிலிருந்து ஒரே ஒரு தொப்பி தேவைப்பட்டாலும் முழுப் பக்கமும் மெமரிக்கு வரும், ஆகவே சந்தையில் தோன்றாத மெனு ஐகான்களை அங்கிருந்து கிளப்பிவிட்டோம். ஒரே லேயரில் கலந்து நிற்பவை ஒரே பக்கம், இதுதான் இப்போது அட்லஸ் பிரிக்கும் அளவுகோல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மலிவான போனில் ஃபிரேம் ரேட் அசையவே இல்லை. ரெண்டர் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பார்த்தோம், உடனே சரளமாக ஓடியது. அப்படியானால் அங்கே முட்டுக்கட்டை ஜிபியூவின் பிக்சல் வேலை, டிரா கால் அல்ல. ஸ்பிரைட் மெஷ்ஷை ஃபுல் ரெக்டிலிருந்து டைட்டுக்கு மாற்றியதும் வெற்றுப் பிக்சல்கள் குறைந்தன. ஆனால் டைட்டில் வெர்டெக்ஸ் கூடும், பேட்ச் சேர்க்கும்போது அவற்றைக் கணக்கிடுவது சிபியூ. அதனால் பெரிய மரம், கூடாரம் போன்றவற்றுக்கு மட்டும் டைட், சின்ன ஆட்களுக்கு ஃபுல் ரெக்ட் என்று விட்டிருக்கிறோம்.