கட்டுரை இல்லாமல் வரும் தலைப்புக் கோரிக்கைகள்: கூகுள் ஃபார்ம்ஸ் நீண்ட நாள் அனுபவம்

ஒரு தமிழ் இணைய இதழுக்கு வெளியிலிருந்து தலைப்பு எழுதிக் கொடுக்கிறேன். கட்டுரையை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் திருத்துவார், அப்புறம் தலைப்புக்கு என்னிடம் வரும். அடிக்கடி கோரிக்கை மட்டும்தான் வரும். "கீழே உள்ள கட்டுரைக்கு நாலு தலைப்பு சொல்லுங்க சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. இதற்காகத்தான் கோரிக்கைகளை கூகுள் ஃபார்ம்ஸ் வழியாக வாங்க ஆரம்பித்தேன். சில வருடங்களாக அதையே பயன்படுத்தி வருகிறேன்.

அனுப்புகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டுரையைக் காப்பி செய்த பிறகு இடையில் ஓடிபி ஒன்றைக் காப்பி செய்திருப்பார்கள். பேஸ்ட் செய்தால் ஆறு இலக்க எண் வந்து நிற்கும். கூகுள் டாக்ஸ் சுட்டியை அனுப்புவார்கள், பார்க்கும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் திரையில் திறக்கும் என்பதால் என் திரையிலும் திறக்கும் என்று நினைத்திருப்பார்கள். இன்னும் சிலர் கட்டுரையை மனதில் முழுதாக வைத்திருப்பார்கள். எதைப் பற்றியது என்று சொன்னாலே எனக்கும் எல்லாம் தெரிந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

பொருளை வைத்தே ஏதாவது தலைப்பு கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். "மேட்டூர் அணை கட்டுரைக்குத் தலைப்பு வேணும், அவசரம்" என்று ஒரு கோரிக்கை வந்தது. மேட்டூர் பற்றி யாருக்கும் தெரிந்ததைக் கொண்டே நாலு தலைப்பு எழுதலாம். அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது, முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி, டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. எனவே "120 அடியை எட்டிய மேட்டூர் அணை" என்று போடலாம். "குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்கலாம். வரலாற்றுக் கட்டுரையாக இருந்தால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்ற பெயரை இழுத்து ஒன்று எழுதலாம். மூன்றும் ஏதோ ஒரு கட்டுரைக்குச் சரியாகப் பொருந்தும்.

கட்டுரை வந்து சேர்ந்தபோது அது வேறு திசையில் இருந்தது. நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி சிலையும் ஒரு தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரன் பேத்திகளைப் பற்றிய கட்டுரை. நிறைந்த அணையைப் பற்றிய தலைப்பு இதற்கு மேல் போயிருந்தால் அப்பட்டமான பொய்யாகியிருக்கும். கடைசிப் பகுதியில் ஒரு பெரியவர் வறண்ட மண்ணைக் காட்டி, களத்துமேடு எங்கே இருந்தது என்று சொல்லும் பத்தி இருந்தது. தலைப்பு அங்கேதான் கிடைத்தது. முகப்புப் பக்கத்துக்கு "தண்ணீர் வடிந்தால் தெரியும் ஊர்" என்று கொடுத்தேன். தேடி வருகிறவர்களுக்கு இடத்தின் பெயர் வேண்டும் என்பதால் தேடலுக்கு "மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்கள்: நீர் வற்றும்போது தெரியும் நந்தியும் தேவாலயமும்" என்று தனியாக ஒன்று.

சரி, ஃபார்முக்கு வருவோம். கட்டுரைக்கான கேள்வியை Paragraph வகையில் வைத்து Required-ஐ இயக்கினேன். இது மட்டும் போதாது, "அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போகலாம். கேள்வியின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி Response validation-ஐத் திறந்தால் Length என்று ஒன்று இருக்கும். அதில் Minimum character count-ஐத் தேர்ந்து 1000 என்று கொடுத்தேன். பிழைச் செய்தி எழுதும் இடத்தில் "கட்டுரையை முழுதாக இங்கே பேஸ்ட் செய்யுங்கள், சுட்டி வேண்டாம்" என்று எழுதி வைத்தேன். வெறும் சுட்டியும் ஓடிபியும் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

1000 என்பது கேட்க அதிகமாகத் தெரியும். கணினி மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் நம்மைப் போல எண்ணுவதில்லை. க் என்பது அதற்கு இரண்டு, கி என்பதும் இரண்டு. 'தலைப்பு' என்ற சொல்லை நாம் நான்கு எழுத்து என்போம், அது ஏழு என்று எண்ணும். இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் 1000 என்பது சுமாராக நூறு சொற்கள்தான், இரண்டு பத்தி. இதற்கும் குறைவாக வைத்தால் முன்னுரையை மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். அதிகமாக வைத்தால் உண்மையிலேயே சிறிய செய்திக்குறிப்பு அனுப்புகிறவர் மாட்டிக்கொள்கிறார்.

இந்தச் சோதனையால் பிடிக்க முடியாதவை இரண்டு. ஒன்று, பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டச்சு செய்த கட்டுரையைப் பேஸ்ட் செய்தால் 'தமிழ்' என்பது `jkpo;` என்று வந்து நிற்கும். நீளம் சரியாக இருப்பதால் ஃபார்ம் தாராளமாக உள்ளே விட்டுவிடும். யூனிகோடுக்கு மாற்றிப் படித்துவிடலாம், ஆனால் அப்படி மாற்றும்போது ஆங்கிலச் சொற்களும் ஆங்கிலக் குறிகளும் குழம்பும். பெயர்களை மட்டும் எழுதியவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

இரண்டாவதுதான் தொல்லையானது: பாதியில் நின்ற கட்டுரை. போனில் விரலை இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிப் பத்திகள் விட்டுப்போய்விடும். படிக்கிறவருக்கு அது முடிந்த கட்டுரை போலவே தோன்றும். மேட்டூர்க் கட்டுரை அப்படி வந்திருந்தால் களத்துமேட்டுப் பத்தியே எனக்குக் கிடைத்திருக்காது. இதற்காக ஒரு சின்னக் கேள்வியைச் சேர்த்தேன்: "கட்டுரையின் கடைசி வாக்கியம் என்ன?" அனுப்புகிறவர் மூலப்பிரதியைத் திறந்து பார்த்துதான் பதில் எழுத வேண்டும். அந்த வாக்கியமும் பேஸ்ட் ஆனதன் முடிவும் பொருந்தாவிட்டால் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. இந்த ஃபார்மில் நான் வைத்த கேள்விகளிலேயே இதுதான் உருப்படியானது.

கோப்பாக அனுப்பும் வசதியையும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். கூகுள் ஃபார்ம்ஸில் கோப்பு ஏற்ற வேண்டுமானால் அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். ஊர்ப்பக்கச் செய்தியாளர் வேறொருவர் கணினியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இது நடக்காத காரியம். பேஸ்ட் செய்வதுதான் எல்லோருக்கும் எளிது.

களத்தில் நிற்பவருக்கு ஃபார்ம் பிடிக்காது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. விபத்து, தேர்தல் முடிவு மாதிரி நேரங்களில் போனில்தான் கூப்பிடுவார்கள். அப்போது கட்டுரை எழுதப்பட்டே இருக்காது. என்ன நடந்தது, எங்கே, யார் சொன்னது என்று கேட்டு, முதல் பத்தியாக எழுதப்போவதை வாயால் சொல்லச் சொல்வேன். அதற்கு ஒரே ஒரு தலைப்பு கொடுப்பேன். இடமும் நிகழ்வும் மட்டும், அலங்காரம் இல்லாமல். நாலு தலைப்பு கேட்டால் கட்டுரை வந்த பிறகு என்பேன்.

அப்படிக் கொடுத்த தற்காலிகத் தலைப்பில் ஒரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸில் பக்கத்தின் முகவரி தலைப்பிலிருந்துதான் தானாக உருவாகிறது. வெளியிட்ட பிறகு தலைப்பைத் திருத்தினாலும் முகவரி அப்படியே நிற்கும். "மூவர் பலி" என்று வெளியாகி, பிறகு எண்ணிக்கை மாறினாலும் முகவரியில் மூவர் இருப்பார்கள். எனவே போனில் தலைப்பு கொடுக்கும்போது கூடவே முகவரிக்கும் நானே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஊர்ப்பெயர், நிகழ்வு, அவ்வளவுதான். எண்ணிக்கையும் காரணமும் அதில் வராது.