கால் மாதச் சம்பளத்தைக் காலுக்குக் கொடுத்துக் கணுக்காலை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன்

முந்தாநாள் விழுந்தேன். வீக்கம் இன்னும் வடியவில்லை, கோபமும் வடியவில்லை. அதனால் எழுத்து கொஞ்சம் அங்குமிங்குமாகப் போகும்.

வெளியில் தெரியாமல் உயரத்தைக் கூட்டும் ஷூ வாங்கினேன். பார்க்கச் சாதாரண ஷூ மாதிரிதான் இருக்கும், உள்ளே குதிகாலுக்கு அடியில் ஓர் ஆப்பு வைத்திருப்பார்கள். விற்றது, ஷூக்கள் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறையவே இருக்கின்றன. விலை என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு.

நான் எங்கே விழுந்தேன் என்று கேட்டால், மேடைப் படியில் இல்லை. அதற்கு முன்பே, அரட்டைப் பெட்டியில் விழுந்துவிட்டேன். அளவு எண்ணைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். அவர்களோ, "சார், வெள்ளைத்தாளில் காலை வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். சாயங்காலம் போடுங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும்" என்றார்கள். அந்த 'சாயங்காலம்' என்ற ஒரு சொல்லில் கவிழ்ந்தேன். தொழில் தெரிந்தவன் சொல்கிற பேச்சல்லவா அது! இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு அனுப்பிவிட்டு, முழுப்பணத்தையும் அப்போதே கட்டினேன்.

"வெளியே 3 செ.மீ., உள்ளே 5 செ.மீ., மொத்தம் 8 செ.மீ. கூடுவீர்கள்" என்று சொல்லியிருந்தார்கள். வந்ததும் சுவரில் நின்று பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன். வெறுங்காலைவிட 6 தான் கூடியிருந்தது. என் பழைய ஷூவே 2.5 கூட்டும். ஆக, நான் காசு கொடுத்து வாங்கிய உயரம் மூன்றரை சென்டிமீட்டர். கேட்டால், "நிமிர்ந்து நில்லுங்கள் சார்" என்று பதில் வந்தது.

நிமிர்வதில் ஒன்றுமில்லை. 8 என்பது குதிகாலின் பின்னோரத்தில் எடுத்த அளவு. உடம்பு நிற்பது அந்த ஓரத்தில் இல்லை, அதற்கு நாலைந்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் கணுக்காலில். ஷூவோ முன்பாதத்தை நோக்கிச் சரிகிறது. சரிவில் முன்னால் வர வர உயரம் குறையத்தானே செய்யும்? பின்னோரத்து அளவைக் காட்டி விற்றால் அது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

உயரம் போகட்டும். முதல் நாள் இருபது நிமிடத்தில் முன்பாதம் எரிய ஆரம்பித்தது. குதிகால் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பாரம் முன்பாதத்துக்கு வருகிறது. கால் சரிவில் வழுக்கி விரல்கள் முனையில் போய் முட்டின. நடக்கும்போது குதிகால் ஷூவை விட்டுக் கழன்று கழன்று எழும்பியது. லேஸை இறுக்கினேன், பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. "புதுசு சார், நாலு நாளில் பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. "உங்கள் கால் அகலம் சார்" என்றார்கள். அகலத்தைக் கோடு போட்டு அனுப்பியதே நான்தானே? அதற்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

பத்தாம் நாள் அலுவலக விழா. மேடையிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். இரண்டாம் படியில் இடது கால் வெளிப்பக்கமாக மடங்கியது, அவ்வளவுதான். உயரமாகத் தெரிய வேண்டும் என்று போன ஆள் எல்லார் முன்னாலும் தரையில் கிடந்தேன்.

இயன்முறை மருத்துவர் ஓர் எலும்பு பொம்மையை வைத்து விளக்கினார். கணுக்காலுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் தட்டையாக இருக்கையில் அகலமான பகுதி மேலிருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இறுகி நிற்கும். குதிகாலைத் தூக்கினால் குறுகலான பகுதி அங்கே வந்துவிடும், பிடி தளர்ந்துவிடும். படி இறங்கும்போது ஏற்கெனவே முன்பாதம்தான் முதலில் படும், பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் போதும். வெளிப்படையான ஹைஹீல்ஸ் போட்டவர்கள் படியைப் பார்த்துப் பார்த்து இறங்குகிறார்கள். நான் சாதாரண ஷூ போட்டவன் மாதிரி நடிக்க வேண்டியிருந்ததால் சாதாரணமாக இறங்கினேன்.

நேற்று ஷூவைத் தைக்கிறவரிடம் கொண்டுபோனேன். உள் அட்டையை உரித்தவர், "தம்பி, இது சும்மா ஷூ. உள்ளே நுரையை வெட்டி ஒட்டியிருக்கான்" என்றார். இந்த வேலைக்கென்றே செய்த ஷூவில் பின்சுவரையும் சேர்த்து உயர்த்தியிருப்பார்களாம். ஆப்புக்கு மேலே குதிகாலைப் பிடிக்க 5, 6 சென்டிமீட்டராவது சுவர் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் மூன்றுகூட இல்லை, அதனால்தான் கழன்றிருக்கிறது. ஆப்பும் பாதத்தின் வளைவில் சரிந்து முடியாமல் பாதியில் வெட்டிவிட்ட மாதிரி நின்றது. நுரை வேறு பத்து நாளில் அமுங்கிவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், வலது 4.5, இடது 3.5. ஒரு கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை! நான்கு நாளாக இடுப்பு ஏன் வலித்தது என்று அப்போதுதான் புரிந்தது. மடங்கியதும் அதே இடது கால்.

ஆப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. 42 என்று அச்சடித்த ஸ்டிக்கர். என் காலுக்கென்று அளவெடுத்துச் செய்ததாம்!

படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வந்த பதில்: "அளவெடுத்துச் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை சார்." 42 ஸ்டிக்கரைக் காட்டினேன். "உள் அட்டையைப் பிரித்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது." கீழே விழுந்ததைச் சொன்னேன். "உடல்நலம் பெற வாழ்த்துகள்." அதற்குப் பிறகு என் செய்திகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் போட்டு அனுப்பிய கால்கோடுதான் எனக்கே ஆப்பானது. கால் மாதச் சம்பளம், அப்படியே போச்சு.

ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். காசு கட்டும் முன் ஷூவுக்குள் ஸ்கேலை நிறுத்தி, குதிகால் உட்காரும் இடத்திலிருந்து பின்சுவரின் மேல்விளிம்பு வரை எவ்வளவு என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். வந்ததும் ஆப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், பஞ்சு மாதிரி உள்ளே போனால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். வீட்டுக்குள்ளேயே போட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கிப் பாருங்கள். 'அளவெடுத்துச் செய்வது' என்றால் திருப்பி எடுப்பார்களா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

இன்னும் இருக்கிறது, ஆனால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் விண்விண்ணென்று தெறிக்கிறது. தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன். அந்தக் கால் மாதச் சம்பளத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை.