கல்லாப்பெட்டியில் தூங்கும் இரண்டாவது போன்: ஒன்றரை வருட அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். பட்டறை மின்னஞ்சலுக்குள் நுழைய அனுமதி கேட்கும் செயலி, கல்லாப்பெட்டிக்குள் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது. நான் வீட்டிலிருந்து லாகின் செய்தால், அங்கே இருக்கும் தம்பி அதில் ‘Approve’ அழுத்த வேண்டும்.

முதல் மாதம் சிக்கல் இல்லை. அப்புறம் காலை நேரத்தில் மட்டும் போனில் அந்த அறிவிப்பு வராமல் போனது. “ஒண்ணுமே வரலைங்கண்ணா” என்பார் தம்பி. வைஃபைதான் காரணம் என்று நினைத்து ரௌட்டரை மாற்றினேன், பலன் இல்லை. ஒரு நாள் செயலியையே திறந்து பார்க்கச் சொன்னேன். கோரிக்கை உள்ளே காத்திருந்தது! அப்படியென்றால் நெட்டும் சரி, கணக்கும் சரி. போனை எழுப்பும் அறிவிப்பு மட்டும்தான் வரவில்லை.

சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனை ஆண்ட்ராய்டு ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பும். 6.0 பதிப்பிலிருந்தே இந்த வழக்கம் உண்டு. இதற்கு டோஸ் என்று பெயர். அவசர அறிவிப்புக்கு அதில் வழி இருக்கிறது. ஆனால் பல போன்களில் தயாரிப்பாளர் தன் பங்குக்கு ஒரு பேட்டரி சேமிப்பைச் சேர்த்து, நாம் திறக்காத செயலியை முழுக்க நிறுத்திவிடுகிறார். இரவெல்லாம் கல்லாவில் கிடந்த போனுக்கு அதுதான் நடந்தது. செயலியின் பேட்டரி அமைப்பை ‘Unrestricted’ என்று மாற்றி, ‘Autostart’ஐயும் இயக்கினேன். காலைப் பிரச்சினை தீர்ந்தது.

சோதிக்கும்போது நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. போனை சார்ஜில் போட்டுச் சோதித்தால் வேலை செய்வதுபோலத் தெரியலாம், ஏனென்றால் சார்ஜில் டோஸ் வராது. சார்ஜரைக் கழற்றி, இரவு முழுக்கத் தொடாமல் வைத்து, விடிந்ததும் லாகின் செய்து பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை.

இரண்டாவது தடவை வேறு காரணம். என் லேப்டாப்பை நம்பகமானது என்று குறித்திருந்ததால், சில மாதங்கள் அனுமதியே கேட்கவில்லை. புது லேப்டாப் வாங்கிய அன்று கேட்டது; போனில் அறிவிப்பு வரவில்லை. பேட்டரி அமைப்பு நான் வைத்தபடியே இருந்தது. அறிவிப்பு அனுமதிதான் அணைந்திருந்தது. மாதக்கணக்கில் தொடாத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். அறிவிப்பை மறுபடி இயக்கி, செயலியின் தகவல் பக்கத்தில் ‘Pause app activity if unused’ என்பதை அணைத்தேன். பட்டறைக்கு ஒரே ஒரு வேலைக்காக வைத்திருக்கும் போனில் இந்த ஒன்றை முதல் நாளே அணைத்திருக்க வேண்டும்.

இப்போது மாதம் பிறந்ததும் ஒருமுறை வெளியேறி, மறுபடி லாகின் செய்கிறேன். அறிவிப்பு வராவிட்டால், தம்பி செயலியைத் திறந்து அதில் ஓடும் 6 இலக்க எண்ணைப் படித்துச் சொல்வார். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண்ணுக்கு நெட்டும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம்; போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.