செடிக்குத் தானாக நீர் விடும் கருவி: ஓராண்டுக்கும் மேல் பயன்படுத்திய பிறகு

ஆர்டுயினோ உனோ பலகை, மண் ஈரப்பத சென்சார், ரிலே, நீருக்குள் மூழ்கி ஓடும் சிறிய பம்ப், ஒரு வாளி. இவற்றை இணைப்பது அரை நாள் வேலை. பலகையும் ரிலேயும் இன்றுவரை எந்தத் தொல்லையும் தரவில்லை. வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை சென்சாரைச் சுற்றியே வந்தன.

தொடக்கநிலைக் கருவிப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு கால்கள் கொண்ட சென்சார்தான் இருக்கும். இரு கால்களுக்கு இடையே மண் வழியாக மின்சாரம் ஓடுகிறது. ஈரம் குறைந்தால் மின்தடை கூடும். அதை வைத்துத்தான் அது ஈரத்தை அறிகிறது. ஈரமண்ணில் ஒரே திசையில் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்தே தீரும். சில வாரங்களில் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு காலின் பூச்சு கரைந்து, உள்ளிருந்த செம்பு பச்சை பூத்திருந்தது. மற்றொரு கால் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. உலோகம் கரையக் கரைய மின்தடை ஏறுகிறது. கருவிக்கோ மண்தான் காய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆகவே இந்தச் சென்சார் பழுதாகும்போது செடி வாடுவதில்லை, அழுகுகிறது. அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் நீளும். ஆனால் நோய் தீராது.

பிறகு மாற்றிய கெப்பாசிட்டிவ் சென்சாரில் உலோகம் மண்ணைத் தொடுவதே இல்லை. விலை சற்றுக் கூடுதல்தான், ஆனாலும் முதலிலேயே இதை வாங்குங்கள் என்பேன். இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: மேல்பகுதியில் உள்ள மின்பாகங்களும் பலகையின் வெட்டு விளிம்புகளும் நீரைத் தாங்காது. விளிம்பு முழுவதும் நகப்பூச்சு இரண்டு முறை தடவி உலர வைத்தேன். மண்ணில் செருகும்போது, பலகையில் உள்ள கோட்டுக்கு மேல் மண் ஏறக் கூடாது.

யாரோ எழுதிய எண்ணை அப்படியே நிரலில் போடாதீர்கள். என் சென்சார் காற்றில் 610 காட்டியது. நன்றாக நீர் ஊற்றி, அடியில் வடிந்து முடிந்த தொட்டியில் 330. இந்தச் சென்சாரில் ஈரம் கூடினால் எண் குறையும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, நீர் தேவை என்று தோன்றிய நேரத்தில் திரையில் இருந்தது 470. அதுவே எனக்கு எல்லைக்கோடு. தென்னை நார்க் கலவைக்கு வேறு எண் வரும், களிமண்ணுக்கு வேறு எண் வரும்.

எண் 470-ஐத் தொட்டதும் ஈரமாகும்வரை பம்பை ஓடவிடுவது ஆபத்து. மேலே விழுந்த நீர் சென்சார் இருக்கும் ஆழத்துக்கு இறங்க நேரம் ஆகும். அதற்குள் தட்டு நிரம்பி வழிந்துவிடும். கொஞ்சம் விட்டு, பொறுத்திருந்து, மறுபடி அளப்பதே சரி. என் பம்ப் ஐந்து நொடியில் 90 மில்லி தருவதை அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

```
int tries = 0;

void setup() {
  digitalWrite(7, HIGH);
  pinMode(7, OUTPUT);
}

void loop() {
  int m = analogRead(A0);
  if (m < 470) tries = 0;
  else if (tries < 3) {
    digitalWrite(7, LOW);
    delay(5000);
    digitalWrite(7, HIGH);
    tries++;
  }
  delay(600000UL);
}
```

பெரும்பாலான ரிலேக்கள் LOW கொடுத்தால்தான் இயங்கும். அதனால்தான் `setup`-இல் முதலில் HIGH வருகிறது. இல்லாவிட்டால் பலகை உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் பம்ப் ஒரு கணம் துள்ளும்.

இதில் எனக்கு மிகவும் உதவியது `tries` வரிதான். மூன்று முறை நீர் விட்டும் எண் இறங்கவில்லை என்றால் வாளி காலியாகியிருக்கலாம், குழாய் நழுவியிருக்கலாம், அல்லது சென்சார் மண்ணைவிட்டு வெளியே வந்திருக்கலாம். எதுவானாலும் பம்ப் நின்றுவிடுகிறது. காரணத்தைச் சரிசெய்து ரீசெட் பொத்தானை அழுத்தினால் போதும்.

கோடையில் இன்னொன்றும் நடந்தது. மண் சுருங்கி, சென்சாரை ஒட்டி மெல்லிய இடைவெளி விழுந்தது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: மண் காயும்போது எண் மெல்ல மெல்ல ஏறும், தொடர்பு அறும்போது சட்டென்று தாவும். சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்திவிட்டு நீர் ஊற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்.

பம்புக்குத் தனி அடாப்டர் வையுங்கள். பலகையின் 5V-இலிருந்தே எடுத்தால், பம்ப் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகும். பம்ப் விட்டுவிட்டு உறுமுவது அதன் அடையாளம். வாளியின் நீர்மட்டம் குழாயின் வாயைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். மட்டம் மேலே இருந்தால் பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக இழுபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதை எந்த நிரலாலும் நிறுத்த முடியாது.