கையெழுத்துப் போடும் முன் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்: சொசைட்டி பில்லில் போன 15,400 ரூபாய்

நேற்று இரவு ஒன்பது மணிக்குச் சொசைட்டி அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 15,400 ரூபாய். மாதம் 2,200 வீதம் ஏழு மாதம். இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இடம் மும்பைப் புறநகர். நாற்பது பிளாட்டுகள் கொண்ட பழைய கட்டிடம், முறையாகப் பதிவு செய்யப்பட்ட கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டி. பெயர் வேண்டாம். இதைப் படிக்கும் அந்தக் கட்டிடத்துக்காரர்களுக்கு முதல் பத்தியிலேயே புரிந்திருக்கும்.

என் பராமரிப்பு பில் பல காலமாக 4,150 ரூபாய். ஏழு மாதங்களுக்கு முன் திடீரென்று 6,350 என்று வந்தது. முன்னறிவிப்பு இல்லை, சுற்றறிக்கை இல்லை. செயலாளரிடம் போனேன். அவரும் தமிழர், என் அப்பா வயது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிற வீடு. "தம்பி, புதுக் கணக்குப் பிள்ளை ஏதோ குழப்பிவிட்டான். இப்போதைக்குக் கட்டிவிடுங்கள், அடுத்த பில்லில் கழித்துவிடுகிறேன். நான் இருக்கிறேன் அல்லவா?" என்றார். கட்டிவிட்டேன். வேறொருவர் இதையே இந்தியிலோ மராத்தியிலோ சொல்லியிருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பேன். தமிழில் சொன்னதால் கேட்கவில்லை. என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த பில்லும் 6,350. "ஆடிட்டர் வரட்டும்." அதற்கடுத்த மாதம் பொருளாளரைக் கை காட்டினார். பொருளாளர் கணக்குப் பிள்ளையைக் கை காட்டினார். அவனோ கணினித் திரையைக் கை காட்டினான்: "சார், ரேட் ஏற்றியாகிவிட்டது, இனி நான் மாற்ற முடியாது." எழுத்து மூலம் மனு கொடுத்தால் நகலில் முத்திரை வைத்துத் தர மறுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்ப் செயலாளர் வீட்டில் இருக்கிறதாம். செயலாளர் வீட்டில் கேட்டால் அது அலுவலகத்தில் இருக்கிறதாம்.

ஐந்தாவது மாதம்தான் நானே பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. சொத்து வரி, தண்ணீர், லிஃப்ட், சிங்கிங் ஃபண்ட் எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டே வரிகள்தான் மாறியிருந்தன. 'சேவைக் கட்டணம்' 2,400இலிருந்து 4,000 ஆகியிருந்தது. 'பெரும் பழுது நிதி' என்று 600 ரூபாய்க்கு ஒரு புது வரி முளைத்திருந்தது. பழுதுபார்ப்பு நிதி என்று ஏற்கெனவே மாதம் 625 ரூபாய் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சேவைக் கட்டணம் என்பது காவலாளி, துப்புரவுப் பணியாளர் சம்பளம், பொது விளக்குக்கான மின்சாரம், தணிக்கைச் செலவு போன்றவை. மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரித் துணை விதிகளில் இதற்கான வழி தெளிவாக இருக்கிறது: மொத்தச் செலவை பிளாட்டுகளின் எண்ணிக்கையால் சமமாக வகுக்க வேண்டும். பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் கிடையாது. வாசலில் நிற்கும் காவலாளி ஆயிரம் சதுர அடிக்காரனுக்கு அதிகமாக விழித்திருப்பதில்லை. எங்கள் சொசைட்டியும் இதே துணை விதிகளைத்தான் ஏற்றிருக்கிறது. கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கில் இந்தச் செலவு மாதம் 96,000. நாற்பதால் வகுத்தால் 2,400. பழைய பில் சரி.

புதிதாக என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? சதுர அடிக்கு நான்கு ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் கட்டிடத்தில் இருபது வீடுகள் 600 சதுர அடி, இருபது வீடுகள் 1,000 சதுர அடி. 600ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள்: அதே 2,400! சின்ன வீடுகளுக்கு இந்த வரியில் ஒரு பைசா மாற்றமில்லை. என் வீடு உட்படப் பெரிய வீடு இருபதும் தலைக்கு 1,600 கூடுதலாகக் கொடுக்கின்றன, மாதம் 32,000. அந்தப் புது நிதி சதுர அடிக்கு அறுபது பைசா. சின்ன வீட்டுக்கு 360 ரூபாய்தான். அதற்காக யார் சண்டைக்கு வருவார்கள்? கமிட்டியில் பெரும்பாலோர் சின்ன வீட்டுக்காரர்கள். இதைக் கணக்குப் பிள்ளை குழப்பிவிட்டான் என்று இன்னமும் நம்பச் சொல்கிறார்கள்.

நேற்று இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மேஜையில் வைத்து, எந்தப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டீர்கள், மினிட்ஸ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றேன். செயலாளர் புத்தகத்தை எடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். முதல் தாளில் புதிய கட்டண விகிதம். இரண்டாவதில் வெறும் பிளாட் எண்களும் கையெழுத்துகளும், என்னுடையது உட்பட. "நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே தம்பி?"

அந்தக் கையெழுத்து நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தேன். காவலாளி ஒரு அட்டையில் கிளிப் போட்டு நீட்டினார். மேல் தாள் பின்பக்கமாக மடித்திருந்தது. என்ன இது என்றதற்குத் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு, பார்த்ததாகக் கையெழுத்து வேண்டும் என்றார். அவரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஈரக் கையோடு போட்டேன். எண்களுக்கு மேலே நீல மை கொஞ்சம் கலைந்திருப்பது நேற்றும் அப்படியே தெரிந்தது.

இத்தனைக்கும் அந்தத் தாள் செல்லாது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது பொதுக்குழுக் கூட்டமாகாது. பொதுக்குழுவே கூடித் தீர்மானம் போட்டாலும், சமமாக வகுக்கும் விதியை மாற்ற வேண்டுமானால் துணை விதியைத் திருத்திப் பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். இதைச் சொன்னதும் இதுவரை தம்பியாக இருந்த நான் 'மிஸ்டர்' ஆகிவிட்டேன். "அப்படியானால் பதிவாளரிடமே போய்க் கேளுங்கள்" என்று விளக்கை அணைத்துவிட்டார். பதினைந்தாயிரத்து நானூறு ரூபாய்க்குப் பதில், அணைத்த விளக்கு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பில் ஏறிய அன்றே பழைய பில்லோடு ஒப்பிட்டு எந்த வரி ஏறியது என்று பாருங்கள். மொத்தத் தொகையைப் பற்றிப் பேசினால் விலைவாசி என்று சொல்லிச் சமாளிப்பார்கள். பொதுக்குழு மினிட்ஸைப் பார்க்கவும், கட்டணம் செலுத்தி நகல் வாங்கவும் உறுப்பினருக்கு உரிமை உண்டு. மனுவை நேரில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றுடன் அனுப்புங்கள். கோபத்தில் பணம் கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்: நிலுவைக்கு வட்டி போட விதியில் இடமிருக்கிறது, அதோடு பாக்கிக்காரர் என்று நோட்டீஸ் பலகையிலும் ஒட்டிவிடுவார்கள். எதிர்ப்புத் தெரிவித்தே கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் இணைத்துக் கட்டுங்கள். நான் ஏழு மாதமும் அந்த ஒரு வரியை எழுதாமல் கட்டினேன். இன்னொன்று, உங்கள் கட்டிடம் சொசைட்டியா, அபார்ட்மென்ட் சட்டத்தின் கீழ் பதிவான சங்கமா என்று முதலில் பாருங்கள். இரண்டாவதில் செலவு ஒவ்வொருவரின் பங்கு விகிதப்படி பிரியும், என் வாதம் அங்கே எடுபடாது.

துணைப் பதிவாளருக்கான மனு பாதியில் நிற்கிறது. காலையில் கதவிடுக்கில் எட்டாவது பில் செருகியிருந்தது. 6,350. இதோடு 17,600.