பட அகராதியில் மாட்டை எங்கே கட்டுவது: வகைப் பக்கத்திலா, தொழுவத்திலா?

குழந்தைகளுக்குப் பட அகராதி போட உட்கார்ந்தால் முதல் சண்டையே சொற்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வரும். அகர வரிசையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எழுத்தே தெரியாத நான்கு வயதுப் பிள்ளைக்கு எருமையும் எலுமிச்சையும் ஒரே பக்கத்தில் ஏன் இருக்கின்றன என்று புரியாது, போதாக்குறைக்கு ண, ழ, ள, ற, ன எல்லாம் சொல்லுக்கு முதலில் வரவே வராது. கடைசிப் பக்கங்களில் அகர வரிசைப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

உண்மையான போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில். ஒன்று வகைப் பக்கம்: "பண்ணை விலங்குகள்" என்று தலைப்புப் போட்டு, வெள்ளைப் பின்னணியில் கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு விலங்கு. இன்னொன்று காட்சிப் பக்கம்: ஒரு தொழுவத்தை முழுப் பக்கத்துக்கு வரைந்து, அதில் இருப்பதற்கெல்லாம் பெயர் எழுதுவது.

வாகனங்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வாசலை வரைந்தாலே டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, லாரி, பைக், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் வந்துவிடும், வகையும் காட்சியும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சமையலறையும் கிட்டத்தட்ட அப்படித்தான், தோசைக்கல்லும் தோசைத்திருப்பியும் எப்போதும் சேர்ந்தே இருப்பவை. விலங்குகளில்தான் இரண்டும் பிரிகின்றன, அதனால் அங்கேதான் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கட்டம் கட்டினால் முதலில் அடிபடுவது அளவு. கோழியும் எருமையும் ஒரே அளவுக் கட்டத்தில் நிற்கும்போது கோழி எருமை உயரம் ஆகிவிடுகிறது. இரண்டையும் தினம் பார்க்கிற உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது பெரிதில்லை, மதுரைக்குள் மாடிவீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அந்தப் படம்தான் எருமை. தொழுவக் காட்சியில் எருமையின் காலடியில் கோழி மேயும், அளவு தானாகப் புரியும். அப்புறம், வகைப் பக்கத்தில் பெயர்ச்சொல் மட்டும்தான் கிடைக்கும். தொழுவத்திலோ கன்று, வைக்கோல், கழனித்தண்ணித் தொட்டி, மூக்கணாங்கயிறு, சாணம் என்று கூட வருவதோடு, பால் கறக்கிறார்கள், மாடு அசை போடுகிறது, கன்று முட்டிக் குடிக்கிறது என்று வினைச்சொல்லும் வந்துவிடும். பிள்ளையை மடியில் வைத்துப் படம் காட்டுகிற அப்பத்தாவுக்குப் பேச விஷயம் கிடைப்பது அங்கேதான்.

ஆராய்ச்சியும் ஓரளவு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1990களில் டிங்க்கம் என்பவரும் அவரைத் தொடர்ந்து வாரிங்கும் செய்த சோதனைகளில், ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் புதிதாகக் கற்றவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டார்கள். ஒரு நிகழ்ச்சியோடு சேர்ந்து வரும் சொற்கள் டிங்க்கத்தின் சோதனையில் எளிதாகப் பதிந்தன. ஆனால் அவை புதுமொழிச் சொற்களைக் கற்பது பற்றியவை. மாடு, ஆடு என்று ஏற்கெனவே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் அவ்வளவு வராது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டுத் தமிழை இரண்டாவதாகக் கற்கிற பிள்ளைகளும் மதுரையில் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் இதே புத்தகம்தான் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் கட்டத்தைத் தூக்கி எறிய முடியாது. வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரித்துக் காட்ட அதுதான் சரியான வழி. காட்சிக்குள் இரண்டும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், வெள்ளாட்டுக்கு வால் தூக்கி நிற்பதும் செம்மறிக்குத் தொங்குவதும் பளிச்சென்று தெரியும். இங்கே ஓவியர்கள் வழக்கமாக இணையத்திலிருந்து புசுபுசுவென்று கம்பளி மூடிய செம்மறியை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நம் ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகளுக்கு அப்படிக் கம்பளி கிடையாது, உடம்பெல்லாம் குட்டை முடிதான். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை மேலூர் ரோட்டில் போகிற மந்தையைக் காட்டினால் "வெள்ளாடு" என்றுதான் சொல்லும், சொல்லாமல் என்ன செய்யும்? மாடும் அதே கதை. கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட சீமைப் பசுவை மட்டும் வரைந்தால் சாம்பல் நிறப் புலிக்குளம் மாட்டுக்கு இடமே இல்லாமல் போகும்.

காட்சியிலும் ஒரு தொல்லை உண்டு. இருக்கிற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினால் பக்கம் நெரிசலாகி, எந்தப் பெயர் எதற்கு என்று பெரியவர்களே தேட வேண்டிவரும். ஒரு காட்சிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, மிச்சம் பெயரில்லாமல் படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டு வண்டி தொழுவத்திலும் ரோட்டிலும் இரண்டு தடவை வரலாம், தப்பே இல்லை. வகைப்படி அடுக்கும்போது அதை விலங்கில் சேர்ப்பதா வாகனத்தில் சேர்ப்பதா என்று ஓர் இடத்தைத்தான் பிடிக்க முடியும்.

ஆக என் தேர்வு இது: இடப்பக்கம் முழுக்கத் தொழுவம், வலப்பக்கம் குழப்பக்கூடிய ஜோடிகள் மட்டும் கட்டத்தில். வெள்ளாடு, செம்மறி. பசு, எருமை. சேவல், கோழி. அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயர்களை மறைத்துவிட்டு, ஆடு மாடு பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்றிடமும் பார்க்காத பிள்ளை ஒன்றிடமும் காட்டுங்கள். முதல் பிள்ளை தயங்கினால் படம் தப்பு, இரண்டாவது பிள்ளை மட்டும் தயங்கினால் அந்த ஜோடியை இன்னும் பெரிதாக வரைய வேண்டும்.