தாமிரக் குழாய்: சால்டரிங்கா, பிரஸ் ஃபிட்டிங்கா?

கும்பகோணத்து விடுதியொன்றின் சுடுநீர்க் குழாயைப் பழுதுபார்க்க வேண்டும். வால்வை மூடியும் நீர் சொட்டுகிறது என்று கொள்வோம்.

சால்டரிங்: பொருட்செலவு குறைவு. ஆனால் உள்ளிருக்கும் நீர் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாவதால், ஒட்டும் உலோகமான சால்டர் உருகி, குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் இடையிலான இடுக்கெங்கும் பரவாது.

பிரஸ்: கருவியும் ஃபிட்டிங்கும் விலை அதிகம், ஈரம் தடையில்லை. குழாயை முழு ஆழத்துக்குச் செருகிய பின், கருவியின் தாடைகள் ஃபிட்டிங்கைக் குழாயோடு சேர்த்து அழுத்துகின்றன. உள்ளே ரப்பர் வளையம் நசுங்கிக் கசிவை அடைக்க, அதனருகே அறுகோணமாகும் உலோகம் குழாய் கழலாமல் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்காவிட்டால் அது வளையத்தைக் கீறிவிடும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

விடுதிக்குப் பிரஸே பொருந்தும், கருவி வாடகைக்குக் கிடைத்தால். நீரேறாத புதிய குழாய்க்குச் சால்டரிங் போதும்.